"இன்டென்சிவ் பர்ப்பஸஸ்": அவர் சொன்னதா, என் காதில் விழுந்ததா?

பெடல்_பானு
வணக்கம். கோவையில் வீட்டிலிருந்தே டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்க்கிறேன். அமெரிக்க இன்சூரன்ஸ் வழக்குகளின் சாட்சி விசாரணை ஒலிக்கோப்புகள்தான் பெரும்பாலும் வரும். போன வாரம் வந்த கோப்பில் ஒரு கூரை வேலை ஒப்பந்தக்காரர் பேசுகிறார். அவர் சொன்னதில் மூன்று இடங்களில் தகராறு.

ஒன்று, "ஃபார் ஆல் இன்டென்சிவ் பர்ப்பஸஸ் கூரை போய்விட்டது" என்கிறார். சரியான வழக்கு, எப்படிப் பார்த்தாலும் என்று பொருள்படும் "ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ்" என்று எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் விழுந்தது இன்டென்சிவ்தான்.

இரண்டு, ஒழுகல் ஆரம்பித்தபோதே அதை "நிப் இட் இன் த பட்" செய்திருக்க வேண்டும் என்கிறார். அந்தப் பட் மொட்டா, பின்புறமா? பலர் பின்புறம் என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று, மேலாளர் சொன்னபடி "டோ த லைன்" பண்ணினோம் என்கிறார். கால்விரல் டோவா, வண்டி இழுக்கும் டோவா?

எனக்கு வந்த உத்தரவு, சொன்னதைச் சொன்னபடி எழுது. ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. நான் "இன்டென்சிவ்" என்று போட்டேன். தரம் பார்க்கிறவர் அதைச் சிவப்பில் வட்டமிட்டு, "தட்டச்சாளர் பிழை" என்று குறித்து, மதிப்பெண்ணில் கை வைத்துவிட்டார். பேசியவரின் பிழை என் கணக்கில் ஏறலாமா? அதைவிட, அது உண்மையிலேயே அவர் பிழையா என்று எப்படி உறுதி செய்வது?

ஊசிப்பட்டாசு
இந்தக் களத்தில் தமிழ் எழுத்து மட்டும்தான் என்று விதி. மொட்டும் பட், பின்புறமும் பட். எழுத்தைச் சொல்லி விளக்கலாம் என்றால் அந்த எழுத்தும் டி, இந்த எழுத்தும் டி. இழை நன்றாகப் போகும்.

மட்டுறுத்துநர்
விதி விதிதான். மொட்டு பட், பிட்டப் பட் என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

டெட்ராய்ட்_குமார்
பானு மேடம், நான் இங்கே பல வருடமாக இருக்கிறேன். எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் இன்டென்சிவ் பர்ப்பஸஸ் என்றுதான் மெயிலிலேயே எழுதுகிறார்கள். இப்போது அதுவும் சரிதான், அகராதியிலும் ஏற்றிவிட்டார்கள். மொழி மாறிக்கொண்டேதான் இருக்கும். 'அ நாரஞ்ச்' என்று சொல்லிச் சொல்லி 'ன்' முன்னால் இருக்கும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'ஆன் ஆரஞ்ச்' ஆகவில்லையா? அதே கதைதான் இதுவும். கவலைப்படாமல் விடுங்கள்.

ஒலியன்
குமார் தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி நிற்கும், பாதி நிற்காது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பானு அம்மாவின் கேள்வி. கல்லூரியில் ஒலியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் நீளமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட மூன்றும் மூன்று வகை. பிரித்துப் பார்த்தால் யார் பிழை என்ற கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

டோ த லைனை எடுங்கள். கால்விரலும் சரி, வண்டியைக் கட்டி இழுப்பதும் சரி, உச்சரிப்பில் அணுவளவும் வேறுபாடு இல்லை. பேசியவர் மனத்தில் எந்த டோ இருந்தது என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. ஆகவே இங்கே எழுத்துப்பிழை என்று ஒன்று வந்தால் அது எழுதியவருடையது மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு சரியானதை எழுதுங்கள், அதாவது கால்விரல். கோட்டில் விரல் நுனியை வைத்து வரிசையாக நிற்பது, அதிலிருந்து சொன்னதைக் கேட்டு நடப்பது. கடிவாளத்தைத் தளர்த்துகிற ஃப்ரீ ரெயினைப் பலர் அரசாட்சி ரெயினாக எழுதுகிறார்கள். பேட்டட் ப்ரெத்தில் மூச்சைக் குறைத்துப் பிடிக்கிற பேட்டட்டைத் தூண்டில் இரை பேட்டட் ஆக்குகிறார்கள். எல்லாம் இந்த வகைதான். காதில் விழும்போது பிழையே இல்லை, பேனாவில்தான் பிறக்கிறது.

இன்டென்சிவ் அப்படி இல்லை. இங்கே ஒலி வேறு. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வேறு இல்லை, அதுதான் சிக்கல். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

நெல்லை_சாமி
நல்ல இழை. நம் பழமொழிகள் எல்லாம் இப்படிக் கெட்டுப்போனவைதானே! மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்கிறார்கள், அது குதிரை இல்லை, ஆற்று நடுவே இருக்கும் மண் திட்டான குதிர். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் இல்லை, ஆயிரம் வேரைக் கொண்டவன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை இல்லை, கழு என்ற கோரைப்புல்லில் தைத்த பாயில் படுத்தால் கற்பூர வாசனை வரும் என்பது. இன்னும் நிறைய இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் பட்டியல் தருகிறேன்.

ஊசிப்பட்டாசு
அண்ணாச்சி, அவங்க கேட்டது அமெரிக்கக் கூரைக்காரரைப் பற்றி.

ஒலியன்
வந்துவிட்டேன். சாமி ஐயாவுக்குப் பிறகு பதில், அவர் சொன்னதிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது.

இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ் எப்படி இன்டென்சிவ் ஆகிறது என்று வாயில் நடப்பதைக் கவனியுங்கள்.

முதல் இடம், 'ட்ஸ்'. 'ன்' சொல்லும்போது நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, காற்று மூக்கு வழியாகப் போகிறது. அங்கிருந்து 'ஸ்' சொல்ல, மூக்கு வழி மூட வேண்டும், நாக்கும் விலக வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால் 'ன்ஸ்'. மூக்கு ஒரு துளி முன்னால் மூடிக்கொண்டால் நடுவில் தானாகவே ஒரு 'ட்' பிறந்துவிடும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களில் பலருக்கு, கூடாரங்களைக் குறிக்கும் டென்ட்ஸும் இறுக்கமான டென்ஸும் ஒன்றேபோல ஒலிக்க இதுதான் காரணம். ஆக இன்டென்ட்ஸ், இன்டென்ஸ் இரண்டும் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டன.

இரண்டாவது இடம், 'அண்ட்'. வேகமாகப் பேசும்போது அது முழுதாக வராது, வெறும் 'அன்'தான். அடுத்து வருவது பர்ப்பஸஸின் 'ப்'. 'ப்'புக்காக உதடு முன்கூட்டியே மூடத் தொடங்குவதால் அந்த 'ன்'னும் 'ம்' ஆகிவிடும். நாம் 'என் பையன்' என்று எழுதிவிட்டு 'எம்பையன்' என்று பேசவில்லையா, அதேதான். எனவே நிஜத்தில் வருவது "இன்டென்ஸம் பர்ப்பஸஸ்".

இப்போது "இன்டென்ஸம்" பக்கத்தில் "இன்டென்ஸிவ்" வைத்துப் பாருங்கள். அசை எண்ணிக்கை ஒன்று. அழுத்தம் விழும் இடம் ஒன்று. நடு உயிர் இரண்டிலும் தேய்ந்துபோன அரை உயிர். மிஞ்சும் ஒரே வேறுபாடு, கடைசியில் உதடுகள் இரண்டும் சேர்ந்து மூடுகிறதா, கீழ் உதடு மேல் பல்லைத் தொடுகிறதா என்பது. அதற்கு அடுத்து உடனே 'ப்' வந்து அந்த வேறுபாட்டையும் அமுக்கிவிடும்.

ஆக, பேசியவர் சரியாகவே சொல்லி உங்கள் காதில் இன்டென்சிவ் விழுந்திருக்கலாம். சரியான வழக்கை நீங்கள் முன்பே அறிந்திருந்தாலும் இது நடக்கும்.

பெடல்_பானு
சார், இதை அவர் வாயிலிருந்து கேட்ட மாதிரியே இருக்கிறது. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டேன். இன்னும் குழப்பம்தான்.

ஒலியன்
பாதி வேகம் இங்கே உதவாது. மென்பொருள் ஒலியை இழுக்கும்போது அந்தச் சின்ன இடைவெளியில் இருக்கும் தகவல் மங்கிவிடும். சாதாரண வேகத்தில், இயர்போனில், "பர்ப்பஸஸ்" தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும் துண்டை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்பக் கேளுங்கள். 'ம்' என்றால் மூக்கில் ஒரு முனகல் இருக்கும், தொடர்ச்சியாக, வழுவழுப்பாக. 'வ்' என்றால் ஒரு மெல்லிய உரசல் இருக்கும். ப்ராட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் நிறமாலைப் படத்தைப் பார்த்தால் மூக்கொலி, கீழ்ப்பகுதியில் கறுத்த பட்டையாகத் தெரியும். ஆனால் தொலைபேசி வழிப் பதிவு என்றால் உயர் அலைவரிசை வெட்டுப்பட்டிருக்கும். அப்போது உரசலைத் தேடுவது வீண்.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அந்த மனிதர் மற்ற இடங்களில் 'அண்ட்' எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். "ராக் அண்ட் ரோல்" மாதிரியான சொற்றொடர்களில் வெறும் 'ன்' விடுகிறவர் இங்கேயும் அதைத்தான் செய்திருப்பார். அந்தப் பழக்கம் உள்ளவருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்துவிடலாம்.

கயல்
நான் சப்டைட்டில் துறையில் இருக்கிறேன், சில ஆண்டுகள் சட்ட டிரான்ஸ்கிரிப்டும் திருத்தியிருக்கிறேன். ஒலியன் சார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பானு நிறமாலைப் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைய நிமிடக் கணக்கு தீராது. நமக்கு நிமிடத்துக்குத்தான் காசு.

நடைமுறையில் நான் செய்வது: சரியான வழக்குக்கும் தவறான வழக்குக்கும் ஒலி இடைவெளி இவ்வளவு மெல்லியதாக இருந்தால் சரியானதையே எழுதுவேன். தவறு என்று எழுத, அது தெளிவாகக் காதில் விழ வேண்டும். விசாரணைப் பதிவு ஒருவர் படித்தவரா இல்லையா என்ற தோற்றத்தையும் தருகிறது. "இன்டென்சிவ்" என்று அச்சில் பார்க்கும் வழக்கறிஞர் அந்தக் கூரைக்காரரை மட்டமாக நினைக்கலாம். அவர் வாயில் இல்லாத பிழையை நாம் வைத்துவிடக் கூடாது.

மாறாக, பேசிப் பயனில்லாத விஷயமான மூட் பாயின்ட்டை ஒருவர் ஊமை "ம்யூட் பாயின்ட்" ஆக்கினால் அது தெளிவாகக் கேட்கும். அங்கே சந்தேகமே இல்லை, சொன்னது சொன்னபடி. எதிர்த்தரப்பு வழக்கறிஞரே சொன்னாலும் சரி.

உங்கள் தரம் பார்ப்பவர் வட்டமிட்டது சரி. ஆனால் "தட்டச்சாளர் பிழை" என்று குறித்தது சரியில்லை. "கேட்டதில் ஐயம்" என்று ஒரு குறி இருக்க வேண்டும்.

டெட்ராய்ட்_குமார்
கயல், இது கொஞ்சம் அதிகாரம் மாதிரி தெரிகிறது. அவர் இன்டென்சிவ் என்றே சொல்லியிருந்தால்? எங்கள் ஆபீஸில் எழுதுகிறவர்கள் அப்படித்தானே பேசவும் செய்வார்கள்? நீங்கள் அவர் பேச்சை மெருகேற்றுகிறீர்கள். அதுவும் பதிவைத் திருத்துவதுதான்.

கயல்
நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஊகம்தான். என் ஊகம் பேசியவருக்குச் சாதகமாகச் சாய்கிறது, அவ்வளவே.

ஒலியன்
இப்போது பட். இது மேலே சொன்ன இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது, அதனால்தான் எனக்குப் பிடித்தது.

ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் வரும் மொட்டு 'ட்'டையும் பிட்ட 'ட்'டையும் காது பிரிப்பது பெரும்பாலும் அந்த மெய்யை வைத்தே அல்ல. அதற்கு முன்னால் இருக்கும் உயிரின் நீளத்தை வைத்து. மொட்டில் உயிர் நீளும், பிட்டத்தில் சட்டென்று நறுக்கப்படும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வித்தியாசம் இருக்கும். தமிழ்க் காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை. 'படு', 'பட்டு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள், முதல் டகரம் மெத்தென்று, இரண்டாவது அடித்து நிற்கும். நம்மில் வேறுபாடு டகரத்தின் நீளத்தில், அவர்களில் உயிரின் நீளத்தில்.

வாக்கியம் "பட்" என்பதோடு முடிந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஆனால் அமெரிக்கர்கள் பட்டுக்கு அடுத்து உயிரில் தொடங்கும் சொல்லைச் சேர்த்தால் கதை முடிந்தது. இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் 'ட்' அவர்கள் வாயில் நாக்கின் ஒரே ஒரு தட்டாகிவிடும். தண்ணீர் வாட்டரை "வாடர்" என்று, கிட்டத்தட்ட 'வாரர்' போல, சொல்வார்களே, அதே தட்டு. அங்கே மொட்டும் பிட்டமும் ஏறக்குறைய ஒன்றே.

பானு அம்மா, உங்கள் கோப்பில் அடுத்த சொல் என்ன?

பெடல்_பானு
"எர்லி." நிப் இட் இன் த பட் எர்லி என்றுதான் சொல்கிறார்.

ஒலியன்
அப்போது கேள்வியே இல்லை. தட்டு வந்துவிட்டது, காதால் பிரிக்க முடியாது, எனவே டோ த லைன் விதிதான். மொட்டு என்று எழுதுங்கள்.

ஊசிப்பட்டாசு
ஒரு சந்தேகம். பின்புறத்தில் கிள்ளினால் என்ன நின்றுவிடும்? அந்த அர்த்தத்தை எப்படி நம்பி எழுதுகிறார்கள்?

டெட்ராய்ட்_குமார்
நிப் என்றால் நாய் லேசாகக் கடிப்பதும்தான். ஆடுமாடு மேய்க்கும் நாய் பின்னால் கடித்து ஓட்டும் இல்லையா? அந்தப் படம் அவர்கள் மனத்தில் ஓடுகிறது. என் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் இப்படித்தான் எனக்கு விளக்கினார், ரொம்ப உறுதியாக.

ஒலியன்
அந்த விளக்கத்தைக் காப்பாற்றி வையுங்கள், அது தங்கம். ஏனென்றால் இந்த வகைப் பிழைக்கு ஒரு பெயரே வந்தது இப்படித்தான். 2003-இல் மார்க் லிபர்மன் என்ற மொழியியலாளர் தம் குழு வலைப்பதிவில், ஓக் மரத்தின் விதையான ஏகார்னை ஒரு பெண்மணி "எக் கார்ன்" என்று எழுதியதைக் குறிப்பிட்டு, இதை என்னவென்று அழைப்பது என்று கேட்டார். ஜெஃப்ரி புல்லம் என்ற மற்றொரு மொழியியலாளர், எக்கார்ன் என்றே அழைத்துவிடுங்கள் என்றார். 2010-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் அந்தச் சொல் ஏறிவிட்டது. யோசித்துப் பாருங்கள், அந்த விதை முட்டை வடிவில்தான் இருக்கிறது, தானியம் மாதிரிதான் விதைக்கிறோம். பிழைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் இருந்தால்தான் எக்கார்ன். வெறும் கைத்தவறு வேறு.

எனவேதான் படித்தவர்களும் எழுதுகிறார்கள். பழைய படம் அழிந்துபோன இடத்தில் மனம் புதுப் படத்தை வரைந்துகொள்கிறது. "முளையிலேயே கிள்ளி எறி" என்று தமிழில் சொல்கிற எவரும் அதில் தடுமாறுவதில்லை, ஏனென்றால் முளை என்ற சொல் கண் முன்னால் இருக்கிறது. இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சட்ட மொழி. எட்டாம் ஹென்றி காலச் சட்டங்களில் ஒரே பொருளை இரண்டு மூன்று சொல்லால் அடுக்குகிற வழக்கம் அது. நம் பத்திரங்களில் 'சர்வ சுதந்திர பாத்தியம்' என்று அடுக்குவார்களே, அந்த ஜாதி. இன்று இன்டென்ட் என்ற பெயர்ச்சொல்லைக் கோர்ட்டுக்கு வெளியே எத்தனை பேர் பன்மையில் சொல்கிறார்கள்? இன்டென்சிவ் தினமும் கேட்கிற சொல். இன்டென்சிவ் கேர் முதல் கோச்சிங் கிளாஸ் வரை.

திருப்பூர்_ராசு
இழையைப் படித்ததும் எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. சாயப்பட்டறையில் வேலை. பதற்றத்தில் இருப்பதை ஆங்கிலத்தில் "ஆன் டென்டர்ஹுக்ஸ்" என்பார்களே, அது மென்மையான கொக்கி என்று ஒரு பையர் மெயிலில் வந்திருந்தது. டென்டர் மென்மை என்றால் அதில் என்ன பதற்றம்?

ஒலியன்
ராசு, உங்கள் பட்டறையில் துணியை விரித்துக் காயவைக்கிற மெஷினுக்கு என்ன பெயர்?

திருப்பூர்_ராசு
ஸ்டென்டர்.

அட!

ஒலியன்
அதேதான். அந்தக் காலத்தில் கம்பளித் துணியைத் துவைத்த பிறகு சுருங்காமல் இருக்க மரச்சட்டத்தில் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் கட்டுவார்கள். அந்தச் சட்டம் டென்டர், அதன் கொக்கி டென்டர்ஹுக். இன்றைய ஸ்டென்டர் அதன் பேரன். இழுத்துக் கட்டிய துணியைப் போல விறைப்பாக இருப்பதுதான் பதற்றம். ஆங்கிலத்தில் இதன் நடு எழுத்து மொட்டு டி அல்ல, பிட்ட டி. மென்மை என்ற சொல்லில் மொட்டு டி. அமெரிக்கர் வேகமாகச் சொன்னால் இரண்டும் நெருங்கிவிடும்.

திருப்பூர்_ராசு
எங்கள் மெஷினில் இப்போது கொக்கி இல்லை, இரண்டு பக்கமும் செயினில் பின் அல்லது கிளிப் இருக்கும். துணி ஓரத்தைப் பின்னில் குத்தி அகலத்துக்கு இழுத்துக்கொண்டே சூடான சேம்பருக்குள் போகும். ரொம்ப இழுத்தால் ஓரத்தில் பின் ஓட்டை கிழியும். "டென்டர்ஹுக்ஸ்" என்று எழுதியவரை ஒரு நாள் மெஷின் பக்கத்தில் நிறுத்தினால் மென்மை போய்விடும். பையருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

கயல்
ஆர்டர் கையெழுத்தான பிறகு சொல்லுங்கள் அண்ணா.

ஒலியன்
இனி பாக்கி இரண்டு பேர்.

குமார் தம்பி. அகராதிக்காரர்கள் இன்டென்சிவ் பர்ப்பஸஸைப் பற்றிப் பேசினால், தவிர்க்க வேண்டிய வடிவம் என்ற குறிப்போடுதான் பேசுகிறார்கள், சம உரிமை கொடுத்து இல்லை. ஒரு நாள் வெல்லலாம். வென்றவையும் உண்டு. மணமகனைக் குறிக்கும் ப்ரைட்க்ரூமின் பின்பாதி பழைய ஆங்கிலத்தில் ஆண் என்று பொருள்படும் 'குமா'. அந்தச் சொல் வழக்கொழிந்ததும், பையன், வேலையாள் என்று பொருள்பட்ட 'க்ரூம்' வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டான். இன்று யாரும் அதைப் பிழை என்று சொல்வதில்லை.

ஆரஞ்சில் நீங்கள் பாதி சரி. 'ன்' கழன்றது உண்மை. நம் நாரத்தைக்கு உறவான சொல்லாகத்தான் அதை ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள், சமஸ்கிருதம், பாரசீகம், அரபி என்று பயணம். ஆனால் அந்த 'ன்' ஆங்கிலத்துக்கு வந்து சேரும் முன்பே, இத்தாலிய, பிரெஞ்சு வாய்களில் கழன்றுவிட்டது. ஆங்கிலத்திலேயே கழன்ற உதாரணம் வேண்டுமென்றால் ஏப்ரன். அது முன்பு 'நேப்ரன்'.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிறர் பழியைச் சுமப்பவனான ஸ்கேப்கோட்டைச் சிலர் "எஸ்கேப் கோட்" என்று எழுதினால் சிரிக்கிறார்கள். ஆனால் 1530-இல் வில்லியம் டின்டேல் பைபிளை மொழிபெயர்த்தபோது அந்தச் சொல்லை உருவாக்கியதே, தப்பிப்போகவிடப்படும் ஆடு என்ற பொருளில்தான். ஸ்கேப் என்பது எஸ்கேப்பின் தலை வெட்டிய வடிவம். பிழை செய்கிறவர் தெரியாமலேயே மூலத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

சாமி ஐயா, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். குதிர், வேர், கழு எல்லாம் நன்றாகப் பொருந்துகின்றன. ஆனால் நன்றாகப் பொருந்துவதுதான் எக்கார்னின் அடையாளமும். நாய் பின்னால் கடித்து ஓட்டும் என்ற விளக்கமும் நன்றாகத்தான் பொருந்துகிறது! குதிரைதான் பழையது, குதிர் பிறகு வந்த சாமர்த்தியமாகவும் இருக்கலாமே? மண்ணால் செய்த குதிரை ஆற்றில் கரையும் என்பதில் என்ன குறை?

நெல்லை_சாமி
ஐயா, எங்கள் தமிழாசிரியர் வகுப்பில் சொன்னது. அவர் தப்பாகச் சொல்வாரா? வைத்தியன் ஆயிரம் பேரைக் கொல்வான் என்று நம் முன்னோர் பழமொழி வைப்பார்களா?

ஒலியன்
வைப்பார்கள், ஐயா. வைத்தியரைக் கேலி செய்யாத மொழியே கிடையாது. ஆனால் நான் தப்பு என்று சொல்லவில்லை. சோதிக்க வழி இருக்கிறது என்கிறேன். பெர்சிவல் பாதிரியாரின் தமிழ்ப் பழமொழித் தொகுப்பு 1874-இல் வந்தது, ஜென்சனுடையது 1897-இல். இரண்டும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. நீங்கள் 'கெட்டுப்போனது' என்று சொல்லும் வடிவம் அவற்றில் இருக்கிறதா, 'மூல' வடிவம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூல வடிவம் அதற்கும் முந்தைய ஏட்டிலோ நூலிலோ கிடைத்தால் நான் தலைவணங்குகிறேன். கிடைக்கவில்லை என்றால், நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் பக்கம்.

நெல்லை_சாமி
பார்க்கிறேன். ஆனால் கழுதையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லண்டன்_வாசுகி
தாமதமாக வந்தேன். இங்கே "ஃபார் ஆல்" என்பதை விட "டு ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ்" என்பதே அதிகம். அதனால் பானு, பேசுகிறவர் பிரிட்டிஷ்காரராக இருந்தால் "டு" என்று கேட்டதும் பிழை என்று மாற்றிவிடாதீர்கள். எங்கள் ஊர் எக்கார்ன் ஒன்று சொல்கிறேன், நனைந்து பிசுபிசுத்துப்போன பட்டாசைக் குறிக்கும் "டாம்ப் ஸ்க்விப்" இங்கே பல பேர் வாயில் "டாம்ப் ஸ்க்விட்", அதாவது ஈரக் கணவாய்! கணவாய் எப்போது ஈரமில்லாமல் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஊசிப்பட்டாசு
என் பெயரை இதில் இழுக்காதீர்கள்.

பெடல்_பானு
எல்லாருக்கும் நன்றி. ஒலியன் சார் சொன்னபடி அந்த மனிதரின் மற்ற 'அண்ட்'களைத் தேடினேன். "நெய்ல்ஸ் அண்ட் பேப்பர்" என்று ஓரிடத்தில் சொல்கிறார், சுத்தமாக 'ம்பேப்பர்' என்றே விழுகிறது. இன்னோர் இடத்தில் இன்டென்சிவ் என்ற சொல்லையே தனியாகச் சொல்கிறார், "லேபர் இன்டென்சிவ்" என்று. அங்கே 'வ்' நன்றாகக் கேட்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் தகராறான இடம் பேப்பர் பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது. 'மாதிரி'தான், சத்தியம் பண்ண மாட்டேன்.

இன்டென்ட்ஸ் அண்ட் என்று மாற்றி, நேரக் குறியோடு "ஒலி தெளிவில்லை, சரிபார்க்கவும்" என்று ஓரக்குறிப்புப் போட்டு அனுப்பினேன். மொட்டு, கால்விரல் இரண்டும் குறிப்பில்லாமலே. தரம் பார்ப்பவர் அந்தப் பழைய வட்டத்தை இன்னும் எடுக்கவில்லை. "முதல் பிரதியில் இருந்தது பிழைதானே" என்கிறார்.

கயல்
அதை விடாதீர்கள் பானு. நேரக் குறியைச் சொல்லி, இரண்டு துண்டையும் வெட்டி அனுப்பி, அவரையே கேட்கச் சொல்லுங்கள். அவருக்கும் இன்டென்சிவ் என்று விழுந்தால் வட்டம் போகட்டும்.

டெட்ராய்ட்_குமார்
இதே வரிசையில் ஒன்று. குட் ஹேவ், ஷுட் ஹேவ் என்பதை "குட் ஆஃப்", "ஷுட் ஆஃப்" என்று எங்கள் ஆபீஸில் எழுதுகிறார்களே, அது எந்த வகை? அது பேச்சிலேயே அப்படித்தானே கேட்கிறது?

ஒலியன்
அப்படியே கேட்கும். குட் ஹேவ் சுருங்கினால் 'குடவ்', குட் ஆஃப் சுருங்கினாலும் 'குடவ்'. முதல் வகைதான், டோ த லைன் வகை. ஹேவ் என்று எழுதுங்கள், பேசியவரைக் கேட்கவே வேண்டாம்.

நெல்லை_சாமி
ஜென்சனைத் திறந்துவிட்டேன். இதில் பழமொழிகளை அகர வரிசையில் வைக்காமல் பொருள் வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். கழுதையை எந்தத் தலைப்பில் தேடுவது?

ஊசிப்பட்டாசு
முட்டாள்தனம் என்ற தலைப்பில் இருந்தால் தொடங்குங்கள் அண்ணாச்சி. கோரைப்பாயில் கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.